சிறைக்குப் போனவருக்குச் சம்பளம் உண்டா?



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி நன்னிலம் வீட்டுக்கு வந்தாள். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவரை ஒரு அடிதடி வழக்கில் போலீஸ் பிடித்து ரிமாண்ட் செய்துவிட்டது. "வேலை போச்சா சார்? இந்த மாசச் சம்பளம் வருமா?" என்று கேட்டாள். காபியைத் தொடவே இல்லை. அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கைதானதால் மட்டும் வேலை போவதில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(இ) என்று ஒன்று உண்டு. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், அவர் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பதாகவே அந்த விதி கொள்கிறது. அந்த நாட்களுக்கு முழுச் சம்பளம் கிடையாது. பிழைப்பூதியம் உண்டு. அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால் பாதி 20,000, அதோடு அந்த 20,000-க்கு உரிய அகவிலைப்படி. மாதாமாதம் 'வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை' என்று சான்று எழுதிக் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் எங்கே வேலை பார்ப்பார் என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்தத் தாள் இல்லாமல் பில் நகராது.

தற்காலிகப் பணிநீக்கம் வேறு, டிஸ்மிஸ் வேறு. 2003 ஜூலை வேலைநிறுத்தம் நம் வயதுக்காரர்களுக்கு மறக்காது. சுமார் 1,70,000 பேரை ஒரேயடியாக டிஸ்மிஸ் செய்தார்கள். டிஸ்மிஸ் ஆனவருக்குப் பிழைப்பூதியமும் கிடையாது. உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது பெரும்பாலோரைத் திரும்ப எடுக்க அரசு சம்மதித்தது. கைதானவர்களை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. கைது என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்று அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்தது.

பிழைப்பூதியத்தைத் தராமல் நிறுத்தினால் என்ன ஆகும்? அதற்கு கோலார் தங்கவயலுக்குப் போக வேண்டும். அங்கே பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தில் கேப்டன் பால் அந்தோணி என்பவர் பாதுகாப்பு அதிகாரி. 1985 ஜூன் 2 அன்று போலீஸ் அவர் வீட்டைச் சோதனை போட்டது. 4.5 கிராம் தங்க உருண்டை ஒன்றும், தங்கம் கலந்த மணல் 1,276 கிராமும் கிடைத்ததாக வழக்கு. மறுநாளே தற்காலிகப் பணிநீக்கம். கிரிமினல் வழக்கு ஒரு பக்கம், அதே குற்றச்சாட்டுக்கு நிர்வாகத்தின் விசாரணை இன்னொரு பக்கம். அவர் கேரளத்தில் இருந்தார். பிழைப்பூதியம் தரப்படாததால், கோலாருக்கு வந்து விசாரணையில் உட்காரக் கையில் காசு இல்லை. அவர் இல்லாமலே விசாரணையை முடித்து 1986 ஜூனில் டிஸ்மிஸ் செய்துவிட்டார்கள். 1987 பிப்ரவரியில் கிரிமினல் கோர்ட், சோதனை நடந்ததே நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தது. நிர்வாகம் அப்போதும் அவரை வேலையில் சேர்க்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1999 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவர் இன்னமும் ஊழியர்தான். அவருக்குச் சோறு போடும் தொகையை நிறுத்துவது அவருடைய உயிர் வாழும் உரிமையில் கை வைப்பது. காசில்லாமல் வர முடியாதவரை விட்டுவிட்டு நடத்திய விசாரணை செல்லாது. அவரை வேலையில் சேர்த்து, நிலுவைச் சம்பளம் முழுவதையும் கொடுக்கச் சொன்னது.

இதை வைத்து, விடுதலையானால் எல்லோருக்கும் பழைய சம்பளம் வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். 1996-ல் குஜராத் மின்வாரிய ஊழியர் ஒருவர் வழக்கும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கொலை வழக்கில் தண்டனை பெற்று வேலையை இழந்து, அப்பீலில் விடுதலையானவர் அவர். வேலை திரும்பக் கிடைத்தது, இடைப்பட்ட காலச் சம்பளம் கிடைக்கவில்லை. அவர் வேலைக்கு வர முடியாமல் போனதற்குக் காரணம் வாரியம் இல்லை, கிரிமினல் வழக்கு என்றது கோர்ட். கோலாரில் தடுத்தது நிர்வாகமே. அந்த வித்தியாசத்தில்தான் பணம் இருக்கிறது.

தனியார் கம்பெனியில் இந்த 48 மணி நேரக் கணக்கு தானாக வராது. அங்கே தகவலே சொல்லாமல் இருந்தால், 'சொல்லாமல் நின்றுவிட்டார்' என்று எழுதிவிடுவார்கள். விசாரணைக்காகத் தற்காலிக நீக்கம் செய்தால் 1981-ம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதன் பிறகும் தாமதம் தொழிலாளியால் இல்லை என்றால் முழுச் சம்பளம்.

என் மாணவியின் கணவர் அலுவலகத்துக்கு யாருமே தகவல் சொல்லவில்லை. அவமானமாம். கைதை மேலதிகாரிக்குத் தெரிவிப்பது ஊழியர் கடமை, மறைத்தால் அதுவே தனிக் குற்றச்சாட்டு ஆகும் என்றேன். என் மேஜையில் உட்கார்ந்தே கடிதம் எழுதினாள். கைதான தேதி, காவல் நிலையம், ரிமாண்ட் செய்த கோர்ட் மூன்றையும் குறிப்பிட்டாள். வேலை பார்க்கவில்லை என்ற சான்றையும் தயார் செய்து, கணவரிடம் கையெழுத்து வாங்கச் சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு. திங்கட்கிழமை திருவாரூர் போய் ரெண்டையும் கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டதாகப் போன் செய்தாள்.