நன்றி நவிலல்

'நல்' என்ற வேரில் பிறந்த 'நன்றி'க்கு முதற்பொருள் நன்மை. குறளின் பதினோராம் அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கே 'நன்றி' என்பது பிறர் நமக்குச் செய்த நன்மை; அதை மறவாமல் இருப்பதே 'அறிதல்'. அந்த உணர்வுக்கே 'நன்றி' பெயராகி, 'நன்றி சொன்னான்' என்று நாம் பேசுவது பிற்காலத்தில் விரிந்த பொருள். 'நவில்' என்றால் சொல்லுதல். பயிலுதல் என்றும் பொருள் உண்டு. ஆக, 'நன்றி நவிலல்' என்பது செய்யப்பட்ட நன்மையை எடுத்துச் சொல்லுதல்.

ஆங்கிலத்தில் இதை 'வோட் ஆஃப் தேங்க்ஸ்', அதாவது நன்றிக்கான ஓட்டு என்கிறார்கள். ஒருவர் முன்மொழிய, அவை கைதட்டி ஏற்கும் கூட்ட மரபு அது. தமிழ்ப் பெயரோ நன்மையின் பெயரைக் கேட்கிறது. அதனால் நன்றி சொல்லும்போது ஒருவரின் பதவியோடு அவர் செய்த செயலும் வர வேண்டும்.

காரைக்கால் கிளிஞ்சல்மேட்டில் ஒரு பள்ளி விழா என்று வைத்துக்கொள்வோம். நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்துக்கு எண்பது சொல் போதும். ஆளுக்கோ குழுவுக்கோ ஒரு வரி:

"தலைமையேற்ற ஐயாவுக்கு நன்றி. பரிசு வழங்கிய அம்மாவுக்கு நன்றி. கடற்காற்றுக்கு அசையாத பந்தல் போட்டுத் தந்த அண்ணன்களுக்கு நன்றி. வலை வேலையை விட்டுவிட்டு வந்து எல்லாருக்கும் சமைத்த அக்காமார்களுக்கு நன்றி. பிள்ளைகளின் ஆட்டத்தைக் கடைசிவரை இருந்து பார்த்த உங்கள் எல்லாருக்கும் நன்றி. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வணக்கம்."

பட்டியல் நீண்டால் ஒரு பெயர் விடுபடும்; விடுபட்டவர் மனம் நோவார். எனவே பெயர்களை முன்பே எழுதிச் சரிபார்த்து, உதவியவர்களைக் குழுவாகச் சொல்வதே நல்லது.