யூடியூப் வீடியோ நடுவில் விளம்பரம்: எந்த இடத்தில் வைக்கணும்?

8 நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் வீடியோவில்தான் யூடியூப் நடுவில் விளம்பரம் வைக்க விடும். 2020 ஜூலைக்கு முன் இது 10 நிமிடம். சரி, எங்கே வைப்பது?

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கிய வேலைநிறுத்தம் பற்றி 12 நிமிட வீடியோ போடுறீங்கன்னு வச்சுக்குவோம். 4:00-ல் ஒரு தொழிலாளி சங்கப் பதிவு பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். கணக்கு ரவுண்டா இருக்கேன்னு அங்கே விளம்பரத்தைச் செருகினால் பேச்சு பாதியில் அறுந்துவிடும், பார்ப்பவரும் கிளம்பிடுவார். 4:20-ல் அவர் முடிக்கிறார், ஒரு நொடி அமைதி, அடுத்து ஆலை வாசல் காட்சி. விளம்பரம் அந்த அமைதியில் வரணும்.

2025 மே 12 முதல் யூடியூப்பும் இதையே பார்க்கிறது. வாக்கியத்தின் நடுவிலோ காட்சியின் நடுவிலோ வைத்த இடத்துக்கு விளம்பரம் குறைவாகவே வரும், வருமானமும் குறையலாம். தானியங்கியாக யூடியூப் தேர்ந்தெடுத்த இடங்களையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்க.

வீடியோ வெளியான பிறகு யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் எதுவரை பார்த்தார்கள் என்ற வரைபடத்தைத் திறங்க. 4:20-ல் கோடு செங்குத்தாக இறங்கினால் அந்த இடத்தை மாற்றிப் பார்க்கலாம். ஆனால் வைத்த இடத்திலெல்லாம் எல்லோருக்கும் விளம்பரம் ஓடாது. அதனால் சரிவுக்குக் காரணம் விளம்பரமா, அடுத்து வரும் காட்சியா என்று அந்தப் பகுதியை ஓட்டிப் பார்த்தே முடிவெடுக்கணும்.