எந்த அலத்தாஸ்? ஆசிரியர்–ஆண்டு மேற்கோள் முறையில் தலைப்பெழுத்து

கேலாங் செராயின் மலாய்ச் சமூகத்தைப் பற்றி எழுதப் புகும் ஆய்வாளர், 'மலாய்க்காரர் சோம்பேறிகள்' என்று குடியேற்ற ஆட்சியாளர் சுமத்திய பழியைத் தொடாமல் போக முடியாது. அந்தப் பழி எப்படி உருவானது, யாருக்குப் பயன்பட்டது என்பதை 1977இல் நூலாக எழுதியவர் சையது ஹுசைன் அலத்தாஸ். சிங்கப்பூரில் பல்கலைக்கழக மலாய் ஆய்வியல் துறைக்கு நெடுங்காலம் தலைமை வகித்தவர். அவருடைய மகன் சையது ஃபரீத் அலத்தாஸ், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர். தந்தை எழுப்பிய 'சிறைப்பட்ட மனம்' என்ற கருத்தின் தடத்தில், அறிவுத்துறைச் சார்புநிலை பற்றி எழுதியவர். மகள் மஸ்துரா அலத்தாஸ் 2010இல் தந்தையின் வாழ்வையும் எழுத்தையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மூவரும் ஒரே துணைநூற்பட்டியலில் இடம்பெறுவது இயல்பு.

இந்நிலையில் கட்டுரைக்குள் '(அலத்தாஸ் 2006)' என்று எழுதினால் அது யாரைக் குறிக்கும்? அந்த ஆண்டில் தந்தையும் மகனும் 'கரண்ட் சோசியாலஜி' என்ற ஒரே ஆய்விதழில் ஆளுக்கொரு கட்டுரை வெளியிட்டனர். சிலர் இதை 2006அ, 2006ஆ என்று பிரித்துவிடுகிறார்கள். அது பிழை. ஆண்டோடு சேரும் எழுத்து, ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் எழுதிய இரண்டு ஆக்கங்களைப் பிரிப்பதற்கானது. இருவருக்கு அதைப் பயன்படுத்தினால் தந்தையும் மகனும் ஒருவராகிவிடுகிறார்கள்.

ஆண்டு வேறாக இருந்தால் தலைப்பெழுத்து தேவையில்லை என்பது பரவலான எண்ணம். ஏபிஏ கையேடு அதை ஏற்பதில்லை. முதலாசிரியர்கள் ஒரே குடும்பப்பெயர் உடையவர்களாகவும் வேறு தலைப்பெழுத்து உடையவர்களாகவும் இருந்தால், ஆண்டு எதுவாயினும் கட்டுரைக்குள் ஒவ்வொரு முறையும் தலைப்பெழுத்து வர வேண்டும் என்கிறது அது. சிகாகோ கையேடும் தலைப்பெழுத்தைக் கேட்கிறது. நான் இதை முழுமையாக ஏற்கிறேன். 'அறிவுத்துறை அடிமைத்தனம் புதிதல்ல (அலத்தாஸ் 1974, அலத்தாஸ் 2003)' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ஆண்டுகள் வேறு, பட்டியலைப் புரட்டினால் குழப்பம் தீரும். ஆனால் பட்டியலைப் புரட்டாமல் படிப்பவர், ஒரே மனிதர் முப்பது ஆண்டு இதையே சொல்லிவந்தார் என்று கொள்வார். 1974 தந்தையுடையது, 2003 மகனுடையது. ஒரு கருத்து ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிய வரலாறே அங்கே மறைந்துபோகிறது. ஆகவே தலைப்பெழுத்து வேண்டுமா என்பதை அந்தந்த வாக்கியத்தைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது, துணைநூற்பட்டியலைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

எத்தனை எழுத்து என்பது அடுத்த சிக்கல். தந்தை, மகன் இருவர் பெயரும் 'சையது' என்றே தொடங்குவதால் 'சை. அலத்தாஸ்' எதையும் பிரிக்காது, 'சை. ஹு. அலத்தாஸ்', 'சை. ஃப. அலத்தாஸ்' என்று இரண்டெழுத்து வேண்டும். மஸ்துராவுக்கு 'ம.' போதும். முதலெழுத்தை மட்டும் அனுமதிக்கும் இதழ்நடையில் தந்தையையும் மகனையும் பிரிக்கவே முடியாது. அங்கே முழுப்பெயரை எழுதுவதே நேர்மை. கூட்டுநூலிலும் விதி தொடரும். மகன் வினீதா சின்ஹாவுடன் எழுதிய 2017ஆம் ஆண்டு நூலை ஏபிஏ முறையில் '(சை. ஃப. அலத்தாஸ், சின்ஹா, 2017)' என்றே குறிக்க வேண்டும். 'அலத்தாஸ், சின்ஹா' என்ற இணை தனித்து நிற்கிறதே என்று எழுத்தை விடக் கூடாது.

மென்பொருள் இதைத் தானே செய்துவிடும் என்று நம்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோட்டேரோவில் ஒரே ஆசிரியரை ஓரிடத்தில் 'சையது ஹுசைன்' என்றும் இன்னோரிடத்தில் 'ஹுசைன்' என்றும் பதிந்திருந்தால், அது அவரை இருவராக எண்ணித் தேவையற்ற தலைப்பெழுத்துகளைச் சேர்க்கும். பிரிக்க யாருமில்லாத கட்டுரையில் திடீரென ஒரு தலைப்பெழுத்து முளைத்தால், பதிவுகளில் பெயர் ஒரே வடிவில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் கூடுகிறது. ஹுசைனின் தம்பி, மெய்யியலாளர் சையது முகம்மது நகீப், தம் பெயரை ரோமன் எழுத்தில் வேறு விதமாக எழுதுபவர். ஆங்கிலக் கட்டுரையில் அந்த எழுத்துவேறுபாடே அவரைப் பிரித்துவிடும். தமிழில் அவரையும் 'அலத்தாஸ்' என்று எழுதிவிட்டால், மூலத்தில் இல்லாத மோதல் உண்டாகிறது. ஒலிபெயர்த்த பிறகே பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

தமிழ்ப் புலமை மரபுக்கு இந்த எச்சரிக்கை புதிதன்று. ரா. இராகவையங்காரையும் மு. இராகவையங்காரையும் தலைப்பெழுத்து இல்லாமல் எவரும் சுட்டுவதில்லை. மேலைமுறை வந்தபோதுதான் நாம் அந்த எழுத்தை அடைப்புக்குறிக்கு வெளியே தள்ளினோம். தமிழ் ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுக்கள் தங்கள் நடைக்குறிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: துணைநூற்பட்டியலில் ஒரே பெயருடைய முதலாசிரியர் இருவர் இருந்தால், ஆண்டைப் பாராமல், பிரித்தறியப் போதுமான தலைப்பெழுத்துகளை ஒவ்வொரு மேற்கோளிலும் தருக.