ஐயத்திற்குரிய இரு சட்ட மூலங்கள்: கஸ்ஸாலியின் மறுப்பு

இமாம் கஸ்ஸாலி (இ. 1111) தம் ‘அல்முஸ்தஸ்ஃபா’ என்னும் சட்டக் கோட்பாட்டு நூலில், மூலங்களெனத் தவறாகக் கருதப்படுவன நான்கு என்பார். முந்தைய வேதங்களின் சட்டமும் நபித்தோழர் கூற்றும் அவற்றுள் அடங்கும். தோழரும் தவறக்கூடியவரே, தம்முள் கருத்து வேறுபட்டவர், ஆகவே அவர் கூற்று பிறரைக் கட்டுப்படுத்தாது என்பது அவர் வாதம். யமனுக்குச் சென்ற முஆத், தீர்ப்புக்கு ஆதாரமாகக் குர்ஆன், நபிவழி, தம் ஆய்வு என்பவற்றையே கூறினார். தவ்ராத்தைக் கூறவில்லை என்றும் சுட்டுவார்.

ஹனஃபிகளோ, முந்தைய சட்டத்தைக் குர்ஆன் மறுக்காது எடுத்துரைப்பின் அது முஸ்லிம்களையும் கட்டுப்படுத்தும் என்றனர். உயிருக்கு உயிர் என்னும் தவ்ராத் விதியைக் குர்ஆன் (5:45) கூறுவதால், இஸ்லாமிய ஆட்சியில் பாதுகாப்புப் பெற்ற பிற சமயத்தவரைக் கொன்ற முஸ்லிமுக்கும் மரண தண்டனை உண்டு என்பதற்கு அதனையும் சான்றாக்கினர். ஷாஃபிகள், இறைமறுப்பாளருக்காக முஸ்லிம் கொல்லப்படான் என்னும் நபிமொழியை முன்வைத்து அதனை மறுத்தனர்.