தரவுத்தளத்துக்குக் காத்திருக்கும் செயலியும் நின்றுபோன வெளியீடும்: டெட்லாக் நோக்கில் ஓர் ஆய்வு

குபெர்னெடிஸில் ஒரு செயலியின் புதிய பதிப்பைப் படிப்படியாக வெளியிடும்போது முதல் பாட் எழுகிறது, ஆனால் தயார்நிலையை எட்டுவதில்லை. வெளியீடு அங்கேயே நிற்கிறது. நிகழ்வுப் பதிவில் ஹெல்த் செக் தோல்வி என்ற ஒரே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. செயலி போர்ட்டைத் திறக்கும் முன்பே தரவுத்தளத்துக்காகக் காத்திருக்கிறது என்பது விரைவில் தெரியவரும். வழக்கமான தீர்வும் உடனே முன்வைக்கப்படும்: சோதனைக்குக் கூடுதல் அவகாசம் கொடுங்கள், அல்லது போர்ட்டை முதலில் திறந்துவிடுங்கள். இந்த இரண்டும் நோயை விட்டு அறிகுறியைத் தொடுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். இத்தகைய முடக்கங்களில் ஒரு முக்கியமான வகை, இயங்குதளக் கோட்பாடு அரை நூற்றாண்டுக்கு முன்பே விவரித்த டெட்லாக். காத்திருப்பு போர்ட் திறப்புக்கு முன்னால் நிற்பதால் அது டெட்லாக் என்று அடையாளம் தெரியாமல் போகிறது.

வாதத்தை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்ப்போம். ஆர்டர்களைக் கையாளும் ஒரு செயலி 4 பாட்களில் ஓடுகிறது. ஒவ்வொரு பாட்டும் தொடங்கும்போதே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன் 24 இணைப்புகளைத் திறந்து, ஓய்வாக இருக்கும்போதும் அவற்றை விடாமல் வைத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸின் `max_connections` இயல்பாக 100. அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கப்பட்டவை. ஆகச் சாதாரணப் பயனருக்குக் கிடைப்பவை 97 இடங்கள். நான்கு பாட்களும் சேர்ந்து 96 இடங்களைப் பிடித்திருக்கின்றன. அன்றாட ஓட்டத்தில் இதில் எந்தக் குறையும் தென்படாது.

செயலியின் தொடக்கம் சாராம்சத்தில் இவ்வளவுதான்:

```python
pool = open_pool(size=24)  # 24-உம் கிடைக்கும் வரை திரும்பாது
server.listen(8080)
```

இந்த வரிசையை நிரலாளர் தெரிந்தே எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்பிரிங் பூட்டில் உள்ளமைந்த டாம்கேட், பீன்கள் எல்லாம் உருவாகி முடிந்த பிறகே போர்ட்டைத் திறக்கும். தரவுத்தள மைக்ரேஷன் அதற்கு முன்பே ஓடிவிடும். பைத்தானின் யுவிகார்னும் தனிச் செயல்முறையாக ஓடும்போது, லைஃப்ஸ்பான் தொடக்கம் முடிந்த பின்னரே போர்ட்டில் கேட்கத் தொடங்கும். சட்டகம் தரும் இயல்பான இடத்தில் இணைப்புகளைத் திறந்தாலே இந்த வரிசை அமைந்துவிடுகிறது.

வெளியீட்டின்போது சேவை ஒரு கணமும் குறையக் கூடாது என்று குழு இப்படி அமைத்திருக்கிறது:

```yaml
rollingUpdate:
  maxSurge: 1
  maxUnavailable: 0
```

இதன் பொருள்: ஒரு பாட்டைக் கூடுதலாக எழுப்பலாம், ஆனால் புதியது தயாராகாமல் பழையதில் ஒன்றைக்கூட நிறுத்தக் கூடாது. ஐந்தாவது பாட் எழுகிறது. எஞ்சியிருந்த ஓர் இடத்தைப் பிடிக்கிறது. இரண்டாவது இணைப்பைக் கேட்டதும் தரவுத்தளம் `FATAL: remaining connection slots are reserved for` என்று தொடங்கும் மறுப்பைத் தருகிறது. பாட் பிடித்த ஒன்றை விடாமல் மீண்டும் மீண்டும் முயல்கிறது. பழைய பாட் ஒன்று நின்றால்தான் 24 இடங்கள் விடுபடும். புதிய பாட் தயாரானால்தான் பழையது நிற்கும். இடங்கள் விடுபட்டால்தான் புதியது தயாராகும்.

காஃப்மன், எல்ஃபிக், ஷொஷானி ஆகியோர் 1971-இல் டெட்லாக்குக்கு வேண்டிய நான்கு நிபந்தனைகளைத் தொகுத்துரைத்தனர்: வளத்தை ஒரு நேரத்தில் ஒருவரே ஆள்வது, ஒன்றைப் பிடித்துக்கொண்டே மற்றொன்றுக்குக் காத்திருப்பது, பிடித்ததை வலிந்து பறிக்க வழியின்மை, காத்திருப்பு வட்டமாக மூடிக்கொள்வது. நான்கும் இங்கே உள்ளன. வேறுபாடு ஒன்றுதான்: காத்திருப்போரில் ஒருவர் செயல்முறையே அல்ல, வெளியீட்டுக் கட்டுப்பாட்டான். பழைய பாட்களின் இணைப்புகளை விடுவிக்கும் அதிகாரம் அதனிடமே இருக்கிறது. ஆனால் தரவுத்தள இணைப்பு என்ற ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. தரவுத்தளமோ தன் இடங்களை எண்ணும். வெளியீடு நடப்பதை அறியாது. வட்டத்தின் இரு பாதிகளும் இரு வேறு அமைப்புகளில் கிடப்பதால் முழு வட்டத்தையும் காணும் இடம் எதுவுமில்லை. இதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

இரண்டாம் காரணம் போர்ட். மூடிய போர்ட்டைச் சோதிக்கும்போது கிடைப்பது `connect: connection refused` மட்டுமே. கடவுச்சொல் தவறு, மைக்ரேஷன் நீள்கிறது, இணைப்பு இடம் இல்லை, செயலி உண்மையிலேயே உறைந்துவிட்டது ஆகிய எல்லாமே இந்த ஒரே பதிலுக்குள் அடங்கிவிடுகின்றன. திறந்த போர்ட்டிலிருந்து 503 வந்தால் நிலைமை வேறு: செயல்முறை உயிரோடு இருக்கிறது, வேலைக்குத் தயாரில்லை என்பது உறுதி.

லைவ்னெஸ் சோதனையும் அதே போர்ட்டை நம்பியிருந்தால் குழப்பம் இன்னும் கூடும். இயல்பான அமைப்பில் சோதனை 10 விநாடிக்கு ஒருமுறை. தொடர்ந்து 3 முறை தோற்றால் கன்டெய்னர் மீண்டும் தொடங்கப்படும். காத்திருக்கத் தொடங்கி அரை நிமிடம் ஆவதற்குள் பாட் கொல்லப்படுகிறது. அடுத்தடுத்த தொடக்கங்களுக்கிடையே இடைவெளி 10, 20, 40 விநாடி என்று இரட்டிப்பாகி 5 நிமிடம் வரை போகும். திரையில் `CrashLoopBackOff` தெரியும். பார்ப்பவர் புதிய பதிப்பில் பிழை இருப்பதாக எண்ணி நிரலைத் தேடத் தொடங்குவார். அசைவின்றி நிற்கும் டெட்லாக் இவ்வாறு விழுந்து விழுந்து எழும் செயலியாக வேடமிடுகிறது. மீள்தொடக்கம் எந்த வளத்தையும் மீட்டுத் தருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வளத்தைப் பிடித்திருப்பது பழைய பாட், கொல்லப்படுவதோ புதியது.

அவசரத்தில் பழைய பாட் ஒன்றைக் கையால் நீக்கினால் என்ன ஆகும் என்பது தனியே பார்க்கத் தக்கது. 24 இடங்கள் விடுபடும். நீக்கியதற்கு ஈடாகப் பழைய பதிப்பிலேயே ஒரு பாட்டும் எழும். அதுவும் காத்திருக்கும் புதிய பாட்டும் அந்த இடங்களுக்குப் போட்டியிடும். புதியது வென்றால் அது தயாராகும், கட்டுப்பாட்டான் தயாராகாத பழைய பாட்டை நீக்கிவிட்டு இரண்டாவது புதிய பாட்டை எழுப்பும். அப்போதும் பிடிபட்டிருப்பவை 96. வெளியீடு ஒரே ஒரு படி நகர்ந்து மறுபடியும் நிற்கும். புதியது அந்நேரம் மீள்தொடக்க இடைவெளியில் உறங்கிக்கொண்டிருந்தால் அந்த ஒரு படியும் நகராது. ஒருமுறை வேலை செய்து மறுமுறை செய்யாத இந்த நடத்தைதான் பலரையும் வலைப்பின்னல் கோளாறு என்ற தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது.

உறுதிசெய்யும் வழி எளிது. தரவுத்தளத்தில் இதை ஓட்டலாம்:

```sql
SELECT client_addr, state, count(*)
FROM pg_stat_activity
WHERE backend_type = 'client backend'
GROUP BY 1, 2;
```

பழைய பாட்களின் முகவரிகள் ஒவ்வொன்றுக்கும் நேராக மொத்தம் 24, அவற்றில் பெரும்பாலானவை `idle`, புதிய முகவரிக்கு நேராக 1 என்று வந்தால் வட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. கடைசிச் சாதாரண இடத்தையும் புதிய பாட் பிடித்திருப்பதால், வினவலை ஓட்டவே சூப்பர்யூசராக நுழைய வேண்டியிருக்கும். அந்த மூன்று இடங்கள் ஒதுக்கப்பட்டிருப்பது இப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான்.

இனித் தீர்வுகள். ஸ்டார்ட்அப் சோதனையைச் சேர்த்து 30 தோல்விகள் வரை பொறுத்தால் 300 விநாடி அவகாசம் கிடைக்கும். மெதுவான தொடக்கத்துக்கு அது சரியான மருந்து. வட்டக் காத்திருப்பு எவ்வளவு அவகாசம் கொடுத்தாலும் தானாக அவிழாது. இயல்பான 600 விநாடி வரம்பு கடந்ததும் டெப்ளாய்மென்ட் `ProgressDeadlineExceeded` என்று குறிக்கப்படும். அதற்குமேல் குபெர்னெடிஸ் எதுவும் செய்யாது. பழைய பதிப்புக்குத் தானே திரும்பவும் திரும்பாது. `kubectl rollout undo` தரவேண்டியது மனிதரே.

போர்ட்டை முதலில் திறப்பதை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். ஆனால் அது எதைத் தரும், எதைத் தராது என்பதில் தெளிவு வேண்டும். `/livez` செயல்முறை பதிலளிக்கிறதா என்று மட்டும் சொல்லட்டும். `/readyz` தரவுத்தள இணைப்புகள் கிடைக்கும் வரை 503 தந்து, காரணத்தைச் செயலியின் பதிவில் எழுதட்டும். வீண் மீள்தொடக்கங்கள் நின்றுவிடும்; காரணம் வெளிப்படும். வெளியீடு முன்போலவே முடங்கித்தான் கிடக்கும், ஏனெனில் நான்கு நிபந்தனைகளில் ஒன்றுகூட உடையவில்லை.

இங்கே ஓர் ஆபத்தான குறுக்குவழி உண்டு: போர்ட் திறந்ததும், தரவுத்தளத்தைக் கேட்காமலே தயார் என்று சொல்லிவிடுவது. நம் எடுத்துக்காட்டில் வெளியீடு நகரவே செய்யும். ஆனால் ஒவ்வொரு படியிலும் பழைய பாட் தன் வேலையை முடித்து வெளியேறும் வரை, இயல்பாக 30 விநாடி வரை, புதிய பாட் போதிய இணைப்பின்றிக் கோரிக்கைகளை வாங்கிக்கொண்டிருக்கும். காரணம் இடப் பற்றாக்குறையாக இல்லாமல் தவறான கடவுச்சொல்லாக இருந்தால், நலமாக ஓடிய நான்கு பாட்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயனற்ற நான்கால் மாற்றப்பட்டுவிடும். நின்றுபோன வெளியீடு எரிச்சலூட்டுவதுதான். ஆனாலும் அது நிற்கும்போது பயனர்கள் பழைய பதிப்பில் தடையின்றி வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பைக் கைவிடக் கூடாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. தயார்நிலை தரவுத்தளத்தைப் பொறுத்தது என்றால், தரவுத்தளம் சிறிது தடுமாறும்போது எல்லாப் பாட்களும் ஒரே நேரத்தில் சேவையிலிருந்து விலகும்; தற்காலிக நினைவகத்திலிருந்து பதில் சொல்லக்கூடிய கோரிக்கைகளும் வீணாகும். மறுப்பு நியாயமானது. ஆகவே தரவுத்தள நிபந்தனை தொடக்கத்துக்கு மட்டும் பொருந்தட்டும் என்பது என் நிலைப்பாடு: ஒருமுறை இணைப்புகள் கிடைத்து 200 சொன்ன பிறகு, பின்னர் வரும் தரவுத்தளத் தடுமாற்றத்துக்காக `/readyz` பின்வாங்க வேண்டாம். வெளியீட்டுக்கு வேண்டியது அந்த முதல் உறுதிமொழிதான்.

டெட்லாக்கை உடைக்க இரண்டு நேர்மையான வழிகள் இருக்கின்றன. `maxSurge: 0`, `maxUnavailable: 1` என்று மாற்றினால் பழையது ஒன்று முதலில் விலகி 24 இடங்களைத் தரும், வட்டம் உருவாகாது. விலை, வெளியீடு முடியும் வரை மூன்று பாட்களின் திறனில் ஓடுவது. மற்ற வழி, கூடுதல் பாட்டையும் சேர்த்துக் கணக்கிடுவது: (பாட் எண்ணிக்கை + கூடுதல்) × ஒரு பாட்டின் இணைப்புகள் ≤ கிடைக்கும் இடங்கள். 5 × 24 = 120 பொருந்தாது; 5 × 19 = 95 பொருந்தும். வெளியேறிக்கொண்டிருக்கும் பாட் `maxSurge` கணக்கில் சேராது என்பதால் சில நேரம் ஆறு பாட்கள் இடம் கேட்கும்; 6 × 19 = 114. அப்போது புதியது காத்திருக்கத்தான் செய்யும். ஆனால் வெளியேறும் பாட் வேறு எதற்கும் காத்திருக்கவில்லை. நேரம் முடிந்ததும் போய்விடும். ஆகவே இது தாமதமே, டெட்லாக் அன்று. லைவ்னெஸ் சோதனை தரவுத்தளத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்தால் அந்தத் தாமதம் ஒரு மீள்தொடக்கத்தையும் தூண்டாது.

19 என்ற எண் இந்தச் செயலி மட்டுமே அந்தத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது. மைக்ரேஷன் வேலை, அறிக்கைக் கருவி, வேறொரு சேவை ஆகியவற்றுக்கு அது விட்டுவைப்பது 2 இடங்கள். அந்தச் சேவைக்கும் தனக்கென ஒரு கூடுதல் பாட் உண்டு, இரண்டும் ஒரே மாலையில் வெளியிடப்படலாம். பாட்டுக்கு 15 என்று குறைத்து, `ALTER ROLE orders CONNECTION LIMIT 75` என்று தரவுத்தளத்திலேயே எல்லை வகுத்தால், எஞ்சிய 22 இடங்கள் மற்றவர்களுக்கென நிற்கும். அதன்பின் கணக்கு தவறினாலும், எந்தப் பயனர்பெயரின் வரம்பு நிறைந்தது என்பதைத் தரவுத்தளத்தின் மறுப்புச் செய்தியே பெயர் சொல்லித் தெரிவிக்கும்.