டால்மேஷன் நாய்களின் மிகை யூரிக் அமில நோய்

மிகை யூரிக் அமில நோய் என்பது சிறுநீரில் யூரிக் அமிலம் அளவுக்கு மீறி வெளியேறுவதால் கற்கள் தோன்றக்கூடிய பரம்பரைக் குறைபாடாகும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பழுதுற்ற மரபணுவின் இரு படிகளும் சேர்ந்தால் மட்டுமே வெளிப்படுவதால், இது ஒடுங்கு நோய் எனப்படும். ஒரே ஒரு படியைக் கொண்ட நாய் நலமாக இருந்தபடியே பழுதைக் குட்டிகளுக்குத் தரக்கூடியது. அது சுமப்பி எனப்படும்.

நோயின் தன்மை

பிற நாய்களின் கல்லீரல் யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் அலன்டாயினாக மாற்றிவிடுகிறது. அமிலத்தைக் கல்லீரல் செல்களுக்குள் கொண்டுசேர்க்கும் புரதம் டால்மேஷனில் பழுதுற்றிருப்பதால், மற்ற நாய்கள் நாளொன்றுக்கு 10 முதல் 60 மில்லிகிராம் வரை வெளியேற்றுகையில் இது 400 முதல் 600 மில்லிகிராம் வரை வெளியேற்றுகிறது. இப்பழுதுடைய எல்லா நாய்களுக்கும் கல் உண்டாவதில்லை. எனினும் ஆண் நாயின் சிறுநீர்த்தாரை குறுகலானது என்பதால், கல் அதில் சிக்கி அடைப்பு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்தாகும்.

மரபணுச் சோதனை

இப்பழுது SLC2A9 என்னும் மரபணுவில் உள்ளது என்பது 2008இல் கண்டறியப்பட்டது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்த செல்களிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, அம்மரபணுவின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் பன்மடங்கு பெருக்கி, அங்குள்ள எழுத்தைப் படிப்பதே சோதனையாகும். இயல்பான நாய்க்கு N/N, சுமப்பிக்கு N/HU, இரு படிகளும் பழுதுற்ற நாய்க்கு HU/HU என முடிவு தரப்படும். இந்த இனத்தில் பரவலாக உள்ள செவிட்டுத்தன்மை போன்ற பிற குறைகளைப் பற்றி இம்முடிவு எதையும் கூறாது.

இனப்பெருக்கத்தின் பங்கு

இனத்திற்குள்ளேயே தலைமுறைதோறும் இணைசேர்த்ததன் விளைவாகத் தூய டால்மேஷன்கள் அனைத்தும் HU/HU ஆகிவிட்டன. தெரிந்தெடுக்க இயல்பான நாயே எஞ்சாத நிலையில், சோதனையால் மட்டும் நோயை நீக்க இயலாது. ஆகவே அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் 1973இல் ஒரு பாய்ண்டர் நாயை டால்மேஷனுடன் இணைத்து, இயல்பான மரபணுவைப் பெற்ற குட்டிகளை மீண்டும் மீண்டும் டால்மேஷன்களுடனேயே சேர்த்தார். அச்சேர்க்கை ஒவ்வொன்றிலும் பாய்ண்டரின் பங்கு பாதியாகக் குறைந்து, ஐந்தாம் தலைமுறையில் ஏறத்தாழ 3 விழுக்காடாகிறது. மரபணுச் சோதனை இல்லாத அக்காலத்தில் குட்டிகளின் சிறுநீரை அளந்தே தெரிவு நடந்தது. இன வளர்ப்பாளர்களின் எதிர்ப்பால் தடைப்பட்டிருந்த இவ்வழிவந்த நாய்களின் பதிவை அமெரிக்கன் கென்னல் கிளப் 2011இல் ஏற்றது.

N/HU நாயை HU/HU நாயுடன் சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகள் நோய்ப்பண்பின்றிப் பிறக்கும். N/N நாயுடன் சேர்த்தால் அனைத்துக் குட்டிகளும் தப்பும். ஆனால் ஓரிரு N/N ஆண் நாய்களையே எங்கும் பயன்படுத்தினால், அவற்றிடம் மறைந்துள்ள வேறு பழுதுகள் இனமெங்கும் பரவும். எனவே இயல்பான மரபணுவைப் பல குடும்ப வழிகளில் சேர்த்து, அதுவரை HU/HU நாய்களையும் இனப்பெருக்கத்திலிருந்து ஒரேயடியாக விலக்காமல் வைத்திருப்பதே பொருத்தமான முறையாகும்.