பேறுகால விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் தாய்மார்: பாலூட்டும் அறை அறிவிப்பில் இருக்க வேண்டியவை

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறைப் பெண்களுக்கான பேறுகால விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. 98 நாள் என்பது 14 வாரம். குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆறு மாதம் என்பது 26 வாரம். ஆக, தாய் வேலைக்குத் திரும்பிய பிறகும் ஏறக்குறைய 12 வாரத்திற்குப் பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு உணவு இல்லை. பிரசவத்திற்கு இரண்டு வாரம் முன்பே விடுமுறை எடுத்தவருக்கு இந்த இடைவெளி 14 வாரமாகிவிடும்.

இந்தக் காலத்தைக் கடக்க அவருக்கு மூன்று பொருள்கள் தேவை: பால் எடுக்க ஓர் அறை, அதற்கான நேரம், எடுத்த பாலைக் கெடாமல் வைக்க ஓர் இடம். தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரிய 1955 வேலை வாய்ப்புச் சட்டம் தனியார் முதலாளிகள் இவற்றைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு வேண்டும் என்பது மட்டுமே அதில் உள்ள பொது விதி. பாலூட்டும் தாய்க்கு ஐந்து மணி நேரம் மிக நீண்ட இடைவெளி. அதனால்தான் நிர்வாகம் எழுதி ஒட்டும் அறிவிப்பு முக்கியமாகிறது. எழுத்தில் இல்லாத சலுகை மேற்பார்வையாளர் மாறினால் அவரோடு போய்விடும்.

நேரக் கணக்கு

தாய்ப்பால் எடுக்க எடுக்கச் சுரக்கும். தேங்கினால் சுரப்பு குறையும். மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை பிள்ளை குடித்தாலோ, பம்ப் மூலம் எடுத்தாலோதான் அளவு நிற்கும். தாமதமானால் முதலில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், சட்டை நனையும். தொடர்ந்து தாமதமானால் சில நாளிலேயே பால் குறையத் தொடங்கும்.

நான்கு மாதப் பிள்ளையுள்ள ஒரு தொழிற்சாலைப் பெண்ணின் நாளை எடுத்துக்கொள்ளலாம். வேலை காலை 7.30 முதல் மாலை 5 வரை. காலை 6.30க்குப் பால் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறார், மாலை 5.45க்கு வீடு திரும்பி மீண்டும் கொடுக்கிறார். இடையில் 11 மணி நேரத்திற்கும் சற்று அதிகம். பிள்ளைக்கு மணிக்கு 30 முதல் 45 மில்லிலிட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 350 முதல் 500 மில்லிலிட்டர், அதாவது மூன்று அல்லது நான்கு போத்தல் பால் வேண்டும்.

அவர் காலை 10, மதியம் 1, மாலை 4 என மூன்று முறை பால் எடுக்க வேண்டியிருக்கும். பம்ப் ஓடும் நேரம் 15 முதல் 20 நிமிடம். கை கழுவ, உபகரணத்தைப் பொருத்த, பிறகு கழுவி எடுத்து வைக்க ஆகும் நேரத்தையும் சேர்த்தால் அரை மணி நேரம். மதியம் உணவு இடைவேளையிலேயே முடித்துக்கொள்ளலாம். காலையும் மாலையும் ஏற்கெனவே 15 நிமிடத் தேநீர் இடைவேளை இருந்தால், நிர்வாகம் கூடுதலாகக் கொடுப்பது ஒவ்வொரு முறையும் 15 நிமிடம், நாளொன்றுக்கு மொத்தம் 30 நிமிடம் மட்டுமே. பிள்ளை ஆறு மாதம் கடந்து கூழும் சோறும் சாப்பிடத் தொடங்கியதும், பெரும்பாலும் இரண்டு முறை போதும்.

அறை எப்படி இருக்க வேண்டும்

பாலூட்டும் அறைக்குப் பெரிய இடம் தேவையில்லை. ஒரு நாற்காலி, சிறு மேசை, மின்சார பிளக், காற்றாடி, உள்ளிருந்து பூட்டும் கதவு, பக்கத்தில் கை கழுவும் தொட்டி ஆகியவை போதும். வெளியிலிருந்து பார்க்கும்படி கண்ணாடி இருக்கக் கூடாது; கேமராவும் இருக்கக் கூடாது. கழிப்பறை பால் எடுக்கும் இடமல்ல. பிள்ளை குடிக்கப்போகும் உணவு அங்கே தயாராகிறது என்பதை நினைத்தால் காரணம் புரியும். தனி அறை இல்லாத சிறிய நிறுவனம் முதலுதவி அறையையோ கூட்ட அறையையோ குறித்த நேரங்களில் இதற்கு ஒதுக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் வேறு யாரும் அதைப் பயன்படுத்தாதிருக்க வேண்டும்.

பாலை வைக்கும் முறை

புதிதாக எடுத்த பாலை 25 பாகை அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை வைக்கலாம். நம் ஊர் வெயிலில் காற்றாடி மட்டுமே உள்ள அறையில் அதை நம்பாமல், எடுத்தவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது. 4 பாகைக் குளிரில் நான்கு நாள் வரை வைக்கலாம். கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வைக்க வேண்டும். கதவு திறக்கத் திறக்க அங்குதான் வெப்பம் ஏறும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத இடத்தில் உறைந்த ஐஸ் பொதிகள் வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரம் வரை தாங்கும். ஒவ்வொரு போத்தலிலும் பெயர், தேதி, எடுத்த நேரம் எழுத வேண்டும்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியோ ஆயாவோ மூன்று செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாலை அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்காமல், வெதுவெதுப்பான நீரில் போத்தலை வைத்துச் சூடாக்க வேண்டும். உறைநிலையிலிருந்து உருகிய பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது. பிள்ளை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும்.

அறிவிப்பு மாதிரி

நிறுவனங்கள் தங்கள் நிலைக்கேற்ப மாற்றிப் பயன்படுத்தக்கூடிய அறிவிப்பு இது:

"அனைத்துப் பணியாளர்களுக்கும்:

1. பேறுகால விடுமுறை முடிந்து திரும்பும் தாய்மார் பால் எடுப்பதற்கு முதல் மாடி முதலுதவி அறைக்குப் பக்கத்திலுள்ள அறை ஒதுக்கப்பட்டுள்ளது. சாவி மனிதவளப் பிரிவின் பெண் அதிகாரியிடமும் பயன்படுத்தும் தாய்மாரிடமும் இருக்கும்.

2. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை காலையும் மாலையும் தலா 30 நிமிடம் இதற்காக எடுத்துக்கொள்ளலாம். தேநீர் இடைவேளையும் இதில் அடங்கும். இந்த நேரத்திற்குச் சம்பளம் பிடிக்கப்படாது. உற்பத்தி இலக்கிலும் இந்த நேரம் கழிக்கப்படும்.

3. அந்த நேரத்தில் அவருடைய இடத்தில் நிற்பவரை ஏற்பாடு செய்வது மேற்பார்வையாளரின் பொறுப்பு. தாய் ஆள் தேட வேண்டியதில்லை.

4. அறையிலுள்ள குளிர்சாதனப் பெட்டி தாய்ப்பாலுக்கு மட்டும். பெயர், தேதி இல்லாத போத்தல் வைக்க வேண்டாம்.

5. கதவில் 'ஆள் இருக்கிறார்' பலகை தொங்கும்போது தட்டவோ திறக்கவோ வேண்டாம். இது குறித்துக் கேலி பேசுவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது.

6. வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பு மனிதவளப் பிரிவுக்குத் தெரிவித்தால் நேரம் ஒதுக்கித் தரப்படும்."

இதில் இரண்டாம், மூன்றாம் அம்சங்களே உயிரானவை. அறை இருந்தும் யாரும் போகவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் அறையில் இல்லை. இயந்திரத்தை விட்டு வர ஆள் இல்லை என்பதும், இலக்கு குறையும் என்ற பயமுமே. அறையின் பதிவேடு இரண்டு மாதம் வெறுமையாக இருந்தால், நிர்வாகம் முதலில் மேற்பார்வையாளர்களிடம் கேட்க வேண்டும். சாவி ஆண் பாதுகாவலரிடம் இருப்பதும், அறையில் பெட்டிகள் அடுக்கப்பட்டிருப்பதும் வேறு இரு காரணங்கள்.

எழுத்துவழி விண்ணப்பம்

அறிவிப்பு ஒட்டப்படாத இடத்தில் வேலை செய்யும் தாய்க்கும் ஒரு வழி உண்டு. 2023 முதல் வேலை வாய்ப்புச் சட்டத்தின் 60பி பிரிவின்படி வேலை நேரத்தையோ, வேலை நாளையோ, வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தருமாறு தொழிலாளி எழுதிக் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மறுக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. இருந்தாலும் எழுதிய கடிதத்திற்குப் பதில் கிடைத்தே ஆகும்.

இங்கே தேதிதான் முக்கியம். விடுமுறை 98 நாள், பதிலுக்கு 60 நாள். ஆகவே விடுமுறையின் 38ஆம் நாளுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். திரும்பும் வாரத்தில் கொடுத்தால், பதில் வருவதற்குள் பால் வற்றத் தொடங்கியிருக்கும். கடிதத்தில் "உதவி வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், எந்த நேரத்தில் எத்தனை நிமிடம், எந்தத் தேதி வரை என்று குறிப்பிட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தில் வேலை செய்வோர்

செம்பனைத் தோட்டங்களில் நிலைமை வேறு. வேலை செய்யும் நிரையிலிருந்து அலுவலகம் தொலைவில் இருக்கும். அறை இருந்தாலும் நடந்து வர முடியாது. ஆயாக் கொட்டகை பக்கத்தில் இருக்கும் தோட்டத்தில், தாயை அருகிலுள்ள நிரையில் வேலைக்குப் போட்டு, நடுவில் வந்து பால் கொடுக்க விடுவதே எளிய வழி. அப்போது பம்ப்பும் தேவையில்லை, குளிர்ப்பையும் தேவையில்லை.

ஆர்எஸ்பிஓ சான்றிதழ் பெற்ற தோட்டங்களுக்கு, அந்த அமைப்பின் விதிமுறைகளில் இரண்டு பொருந்தும். கர்ப்பிணிகளையும் பாலூட்டும் பெண்களையும் பூச்சிமருந்து வேலையில் விடக் கூடாது. புதிய தாய்மாரின் தேவைகளை அவர்களோடு பேசித் தெரிந்துகொண்டு நடவடிக்கை எடுக்க வேண்டும். மருந்து அடிக்கும் கும்பலில் இருந்தவர் பாலூட்டுவதை மண்டோரிடம் சொல்லி வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கிளினிக் போக வேண்டிய அறிகுறிகள்

மார்பில் ஓர் இடம் கட்டியாகிச் சிவந்து, காய்ச்சலும் வந்தால் அது தொற்றாக இருக்கலாம். உடனே கிளினிக் போக வேண்டும். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. பிள்ளை நாளுக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தால் பால் போதவில்லை என்று ஐயப்பட்டுத் தாதியிடம் காட்ட வேண்டும்.

பம்ப், குளிர்ப்பை வாங்கிய ரசீதுகளையும் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையுள்ள, வருமான வரி கட்டும் தாய்மார் தாய்ப்பால் உபகரணங்களுக்கு 1,000 ரிங்கிட் வரை வரி விலக்குக் கோரலாம். இது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கிடைக்கும்.